மொத்தத் தொகையா, இழப்பு மட்டுமா: இரண்டு கிளைம் கடிதங்கள்

சிங்கப்பூர் கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது டெங்கு என்று வைத்துக்கொள்வோம். டிக்கெட் 42,000 ரூபாய், ஹோட்டல் 18,000 ரூபாய். பயணக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பும் கிளைம் கடிதத்தை இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் வகை: "உடல்நலக் குறைவால் பயணம் ரத்து, 60,000 ரூபாய் தரவும்." கூடவே ஒரு மருந்துச் சீட்டு. எழுதுவது சுலபம், ஆனால் கேள்விகளோடு திரும்பி வரும். வேறெங்கும் திரும்பக் கிடைக்காத பணத்தைத்தானே காப்பீடு ஈடுகட்டும்? விமான நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்று முதலில் கேட்பார்கள்.

இரண்டாவது வகை கொஞ்சம் அலைச்சல், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். டிக்கெட் 42,000, திரும்பி வந்தது 9,500, இழப்பு 32,500. ஹோட்டல் 18,000, எதுவும் திரும்பவில்லை. ஆக, கோருவது 50,500. ஒவ்வொரு வரிக்கும் பணம் கட்டிய ரசீது, ரத்தானதற்கான சான்று, பணம் திரும்பிய விவரம் மூன்றும் இணைப்பில் இருக்கும்.

மருத்துவச் சான்றிதழில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "காய்ச்சல், ஓய்வு தேவை" என்றால் போதாது. நோயின் பெயர், அறிகுறி தொடங்கிய தேதி, எந்தத் தேதிவரை பயணம் கூடாது என்பதெல்லாம் வேண்டும். பாலிசி எடுத்த பிறகு வந்த நோய் என்பதற்கு அறிகுறித் தேதிதான் ஆதாரம். ரத்த பரிசோதனை அறிக்கையையும் சேர்த்துவிடுங்கள். அப்புறம், டிக்கெட்டை ரத்து செய்வதற்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது; சான்றிதழ் பிந்தைய தேதியில் இருந்தால் சந்தேகம் வரும்.