புத்தம்புது, சுடச்சுட, நேரமே: நாலடிப் போர்டுக்கு எந்தப் பெயர்?

கோபியில் என் மச்சான் பேக்கரி போடுகிறான். ஒரு ஷட்டர் கடை. பெயர்ப் போர்டுக்குக் கட்டட உரிமையாளர் விட்டுக் கொடுத்த இடம் அகலத்தில் 4 அடி, உயரத்தில் 15 அங்குலம். பெயரைக் கேட்டதும் ‘இன்னிக்குப் போட்டது’ என்ற நினைப்பு வர வேண்டும், போர்டிலும் அடங்க வேண்டும். நாலு பெயர் மிஞ்சியது: கொங்கு ஃப்ரெஷ், புத்தம்புது, சுடச்சுட, நேரமே.

முதலில் இடக் கணக்கு. தமிழில் எழுத்தை எண்ணினால் ஏமாந்து போவோம். ‘கொ’ ஒரு எழுத்துதான், ஆனால் போர்டில் கொம்பு, க, கால் என்று மூன்று இடம் பிடிக்கும். அதனால் இடங்களைத்தான் எண்ண வேண்டும். ‘கொங்கு’ 5, ‘ஃப்ரெஷ்’ 5, ‘பேக்கரி’ 5, நடுவில் இரண்டு இடைவெளி, மொத்தம் 17. போர்டின் 48 அங்குலத்தில் இரு ஓரமும் இரண்டிரண்டு போனால் மிச்சம் 44. ஆக, ஒரு இடத்துக்குச் சுமார் இரண்டரை அங்குலம். மற்ற மூன்று பெயர்களுக்கும் 11, 12 இடம்தான் வருகிறது. இடத்துக்கு ஏறக்குறைய 4 அங்குலம் கிடைக்கும். பத்தடி தூரத்துக்கு ஒரு அங்குல எழுத்து என்பது போர்டு வேலையில் பழகிய கணக்கு. அப்படிப் பார்த்தால் கொங்கு ஃப்ரெஷ் 25 அடியில்தான் சுகமாகப் படிக்க வரும். வண்டியில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் அதை ஒரு நொடியில் தாண்டிவிடுவார்.

தமிழ்தான் முதலில், பெரிதாக இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. தமிழுக்கு 5 பங்கு என்றால் ஆங்கிலத்துக்கு 3. ஓரமும் இடைவெளியும் கழித்தால் தமிழ் வரிக்கு 7 அங்குல உயரம் கிடைக்கும். அந்த ஏழுக்குள்தான் மேலே புள்ளியும் கீழே சுழியும் அடங்க வேண்டும். ‘புத்தம்புது’வை எழுதிப் பாருங்கள். இரண்டு புள்ளி, மூன்று உகரம். அதற்கெல்லாம் இடம் விட்டால் எழுத்தின் உடம்பு நாலங்குலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அப்புறம், தூரத்தில் முதலில் மறைவது புள்ளிதான். ‘ஃப்ரெஷ்’ஷில் முதல் எழுத்தே மூன்று புள்ளி! சாயங்கால வெளிச்சத்தில் அது ‘ப்ரெஷ்’, பல் துலக்கும் பிரஷ்.

‘ஃப்ரெஷ்’ஷுக்கு இன்னொரு வம்பும் உண்டு. சரக்கின் குணத்தைச் சொல்லும் வெறும் சொல்லை டிரேட்மார்க்காகப் பதிவது கடினம். 1999 சட்டத்தின் 9ஆம் பிரிவு அப்படி. எதிர்வரிசையில் இன்னொருவர் ‘நியூ ஃப்ரெஷ்’ என்று போட்டால் நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். ‘புத்தம்புது’வுக்கும் இதே கதிதான்.

‘சுடச்சுட’ என் முதல் விருப்பம். சொன்னாலே வாசனை வரும். ஆனால் சூடும் புதுசும் பேக்கரியில் ஒன்றல்ல. பஃப்ஸுக்கும் தேங்காய் பன்னுக்கும் அது சரி. அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டியை ஆற விடாமல் ஸ்லைஸ் போட்டால் உள்ளே பிசுபிசுவென்று கத்தியில் ஒட்டும். சூட்டோடு கவரில் கட்டினால் வியர்த்து, பூசணம் சீக்கிரம் பிடிக்கும். வர்க்கியும் ரஸ்க்கும் ஆறி மொறுமொறுப்பானால்தான் சரக்கு. அந்தப் பெயரை நம்பி மத்தியானம் ரொட்டியைத் தொட்டுப் பார்ப்பவர், “சுடவே இல்லைங்களே” என்பார். நல்ல ரொட்டியே பொய் சொன்னது போல ஆகிவிடும். அது டீக்கடைக்குப் பொருந்தும் பெயர்.

‘நேரமே’ என் அத்தை வாயிலிருந்து வந்தது. “நாளைக்கு நேரமே வந்துருங்க” என்று அவர் போனில் சொல்ல, மச்சான் தலையைத் தூக்கினான். நம் பக்கம் நேரமே என்றால் சீக்கிரமே. விடியற்காலையில் போட்டது என்ற அர்த்தம் தானாக வருகிறது, சூட்டுக்கு வாக்கும் கொடுக்கவில்லை. ‘விடியல்’ என்று வைத்தால் எந்தக் கட்சி என்பார்கள்; இதில் அந்தத் தொல்லையும் இல்லை. ஐந்து இடம், புள்ளி இல்லை, உகரச் சுழி இல்லை. உயரம் முழுவதையும் எழுத்தே எடுத்துக்கொள்ளும். பேக்கரி குணத்தை நேராகச் சொல்லாததால் பதிவு கேட்கவும் ஓரளவு வாய்ப்பு அதிகம்.

குறை இல்லாமல் இல்லை. வெளியூர்க்காரர் ‘நேரம்தான்’ என்று படித்துவிட்டு முழிப்பார். NERAME என்ற ஆங்கில வரியும் அவருக்கு உதவாது. பைபாஸ் ஓரக் கடை என்றால் இதை வேண்டாம் என்றிருப்பேன். தெருக்காரர்களை நம்பியிருக்கும் கடைக்கு இதையே எடுக்கலாம்.

நாலு பெயரையும் சார்ட் பேப்பரில் அசல் அளவில் எழுதி ஷட்டரில் ஒட்டி, எதிரே டீக்கடை பெஞ்சிலிருந்து சாயங்காலம் ஆறரைக்குப் பார்த்தோம். நேரமே மட்டும் கண்ணைச் சுருக்காமல் படிக்க வந்தது. இனி காலை ஆறு மணிக்குள் ஷட்டர் ஏறணும். பேக்கரி மாஸ்டர் மூணு மணிக்கே வர ஒத்துக்கொண்டார், மச்சான்தான் இன்னும் யோசிக்கிறான்.