ஷிஃப்டிங் விளம்பரத்தில் எந்த வரி நின்றது

கோவையில் ஒரு சிறிய பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் அலுவலகத்தில் புக்கிங் பார்க்கிறேன். ஆட்டோ மைக்கிலும் வாட்ஸ்அப்பிலும் நாங்கள் ஓட்டும் அரை நிமிட விளம்பரத்துக்கு இரண்டு ஆடி தாண்டிவிட்டது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் போன் ஓயாது. ஸ்கிரிப்டின் முக்கியமான பகுதி இது:

“ஏங்க, பேசின ரேட் ஒண்ணு, இறக்கும்போது கேக்கிறது ஒண்ணுன்னு ஆயிடாதே?”
“எத்தனாவது மாடி, லிஃப்ட் இருக்கா, லாரி வாசல் வரைக்கும் வருமான்னு முன்னாடியே கேட்டுத்தான் ரேட் எழுதுறாங்க. பழைய கீறலைக்கூட லிஸ்ட்ல எழுதிக்கிறாங்க. பால் காய்ச்சுற நேரத்தையும் கேட்டாங்க.”

அதிகம் வேலை செய்வது மாடி வரிதான். “மறைமுகக் கட்டணம் இல்லை” என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள், யாரும் நம்புவதில்லை. எதற்குக் கூடுதல் பணம் கேட்பார்கள் என்பதை விளம்பரமே சொல்லிவிட்டால், போன் செய்பவரே விவரத்தோடு வருகிறார். பீளமேட்டில் ஒரு அக்கா, “மூணாவது மாடி, படி குறுகல், தேக்குக் கட்டிலைக் கயிறு கட்டித்தான் பால்கனி வழியா ஏத்தினோம்” என்றார். கூடுதலாக இரண்டு ஆட்கள் என்று அன்றே ரேட்டில் எழுதினோம். இறக்கும் நாளில் பேச்சே எழவில்லை.

கீறல் வரி கேட்க லேசாக இருக்கும், ஆனால் நடைமுறையில் நேரம் எடுக்கும். பீரோ கண்ணாடி, ஃபிரிட்ஜ் கதவு, டிவி திரை ஆகியவற்றைப் பபிள் ராப் சுற்றுவதற்கு முன்பே போட்டோ எடுக்க வேண்டும். சுற்றிய பிறகு எடுத்துப் பயனில்லை. டிவியை ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்வோம், உள்ளே போன பேனல் வெளியே தெரியாது. லிஸ்டில் இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வரிக்கு அர்த்தம். வீட்டுக்காரரே கட்டி ஒட்டிய பெட்டிக்குள் இருப்பதற்கு எங்களால் பொறுப்பேற்க முடியாது, அதையும் லிஸ்டிலேயே எழுதிவிடுகிறோம். “ஒரு கீறல் விழாது” என்று மட்டும் எந்தக் கம்பெனியும் விளம்பரத்தில் சொல்லக்கூடாது என்பது என் கருத்து; சொன்னால் முதல் சண்டை அதிலிருந்துதான் தொடங்கும்.

பால் காய்ச்சும் வரி உள்ளூருக்கு அருமை. நல்ல நேரம் காலை ஆறு மணி என்றால், அடுப்பு, சிலிண்டர், சாமி படம், பால் பாத்திரம் எல்லாம் முதல் நாளே அவர்கள் கையில் போய்விடும். லாரி பத்து மணிக்கு வந்தாலும் பதற்றம் இல்லை.

வெளியூருக்கு அந்த வரி ஆகாது. சென்னைக்குப் பார்ட் லோடில் போகும் சாமான், லாரி நிறையும் வரை குடோனில் காத்திருக்கும், வழியில் வண்டி மாறவும் கூடும். அதனால் வெளியூர் விளம்பரத்தில் இப்படி மாற்றினோம்: “தனி லாரியா, மத்தவங்க சாமானோடயா? ரெண்டுக்கும் தனித்தனி ரேட், தனித்தனி தேதி. ரெண்டையும் எழுதியே தர்றோம்.” தேதி கேட்டதும் பாதிப் பேர் செலவானாலும் பரவாயில்லை என்று தனி லாரிக்கு மாறிவிடுகிறார்கள்.