சொன்னால்தான் திருப்பலாம்: பிள்ளைகளுக்கான ஜோடி அட்டை விளையாட்டு, நீண்ட நாள் அனுபவம்

தமிழை இரண்டாம் மொழியாகக் கற்கும் பிள்ளைகளுக்காக நானே வடிவமைத்த அட்டை விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன். ஆறு முதல் ஒன்பது வயது வரையிலான சின்ன வகுப்பு. வேறு மொழியில் சிரித்து, வேறு மொழியில் சண்டை போட்டு, தமிழில் கேட்டால் மட்டும் தலையாட்டுகிறவர்கள். ஒரு பள்ளியாண்டைத் தாண்டியும் இந்தக் கட்டு புழக்கத்தில் இருக்கிறது. படங்களும் விதிகளும் நடுவில் நிறையவே மாறிவிட்டன. எதை ஏன் மாற்றினேன் என்பதுதான் இதே மாதிரி ஒன்றைச் செய்ய நினைப்பவர்களுக்குப் பயன்படும்.

அடிப்படை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 12 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு படம், ஆக 24 அட்டைகளைக் கவிழ்த்துப் பரப்ப வேண்டும். ஒருவர் இரண்டைத் திருப்பி, ஜோடி சேர்ந்தால் எடுத்துக்கொள்வார். பிள்ளைகள் விழுந்து விழுந்து விளையாடுவார்கள். ஆனால் இந்த வடிவம் சொல்லைக் கற்றுத்தருவதில்லை. எந்த அட்டை எங்கே இருந்தது என்கிற நினைவு போதும், வாயே திறக்காமல் ஜெயிக்கலாம். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர் கையிலுள்ள ஜோடிகளைக் கலைத்து ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் கேளுங்கள். மளமளவென்று ஆறு ஜோடி சேர்த்த ஒரு சிறுமியிடம் கேட்டேன். பாலம், ஏணி இரண்டையும் சொன்னாள். பூட்டைக் காட்டியபோது, அது மேல் மூலையில் இருந்தது என்று தன் வீட்டு மொழியில் விளக்கம் கொடுத்தாள். அட்டையின் இடம் அத்தனை துல்லியமாக நினைவிருந்தது, பெயர் மட்டும் இல்லை.

இந்த விளையாட்டை மாற்றியது ஒரே ஒரு விதி. முதல் அட்டையைத் திருப்பியதும் அதன் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் இரண்டாவதைத் தொடலாம். ஜோடி சேர்ந்தபின் சொல்லச் சொன்னால் வேலைக்கு ஆகாது. அதற்குள் ஜெயித்த சந்தோஷம் வந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் யாராவது பெயரைக் கத்தியிருப்பார், இவர் அதைத் திருப்பிச் சொல்வதோடு சரி. இரண்டாவது அட்டைக்கு முன்பே கேட்கும்போது பிள்ளை தன் நினைவிலிருந்தே சொல்லைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு லாபமும் இருக்கிறது. ஆட்டத்தில் ஜோடி சேராத திருப்பங்கள்தான் அதிகம். அவற்றிலும் ஒவ்வொரு சொல் வாயில் வந்துவிடுகிறது.

சரி, பெயர் தெரியாவிட்டால்? முறை போய்விடும் என்று வைத்தால் கூச்சப்படும் பிள்ளைகள் தெரிந்த அட்டைகளையே சுற்றிச் சுற்றித் தொடுவார்கள். அதனால் “இது என்ன?” என்று தமிழில் கேட்கலாம் என்று வைத்தேன். யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கேட்டவர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு இரண்டாவதைத் திருப்பலாம். ஜோடி சேர்ந்தாலும் அது உடனே கைக்கு வராது. நடுவில் ‘கடன் வரிசை’யில் படம் தெரிய இருக்கும். அடுத்த முறை வரும்போது யார் உதவியும் இல்லாமல் பெயரைச் சொன்னால் கடன் தீர்ந்தது, எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அடுத்தவர் சொல்லி எடுக்கலாம்.

நான் செய்ததிலேயே நன்றாக வந்தது இந்தக் கடன் வரிசைதான் என்பேன். நான்கு பேர் ஆடினால் நடுவில் மற்ற மூவரின் சொற்கள் வந்து போகும். கேட்ட உடனே திருப்பிச் சொல்வது கிளிப்பிள்ளை வேலை. மூன்று வேறு சொற்கள் காதில் விழுந்தபின் அதே சொல்லை எடுப்பதற்கு உழைப்பு வேண்டும். கடனில் அட்டை இருக்கும் பிள்ளையின் உதடுகளைப் பாருங்கள், “பூட்டு, பூட்டு” என்று சத்தமில்லாமல் அசைந்துகொண்டே இருக்கும். ஆறு பேர் உட்கார்ந்தால் இது சரிப்படாது. முறை வருவதற்குள் சின்னவர்கள் சொல்லை விட்டுவிடுவார்கள், பெரியவர்கள் கடன் அட்டைகளை அள்ளிவிடுவார்கள். நான்கு பேருக்கு மேல் போனால் இரண்டு மேசையாகப் பிரித்துவிடுகிறேன்.

படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே படத்தை இரண்டு முறை அச்சிட்டால் பிள்ளைகள் வண்ணத்தையும் கோட்டையும் வைத்தே ஜோடி சேர்ப்பார்கள். அதனால் ஒரு அட்டையில் விரித்த குடை, இன்னொன்றில் மடக்கிய குடை. படமும் எழுத்துமாக ஜோடி சேர்ப்பதும் உண்டு, ஆனால் அது எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான். வாசிப்பு வராத பிள்ளை சொல்லின் நீளத்தையோ முதல் எழுத்தின் வளைவையோ அடையாளம் வைத்துக்கொள்ளும்.

அச்சிடுவதற்கு முன் எல்லாப் படத்தையும் தமிழ் சரளமாகப் பேசும் பிள்ளைகளிடம் காட்டிப் பெயர் கேட்பேன். ஒருவர் வேறு பெயர் சொன்னாலும் படம் மாற வேண்டும். கதவை வரைந்தால் ‘வீடு’ என்றார்கள், சுவர் இல்லாமல் கதவை மட்டும் வரைந்த பிறகு சரியானது. மேகத்துக்கு ‘மழை’ வந்தது, துளிகளை எடுத்துவிட்டேன். நிழல் என்ற சொல்லுக்கு எத்தனை விதமாக வரைந்தும் பையன், மரம் என்றுதான் பதில் வந்தது, அதைக் கட்டிலிருந்தே எடுத்துவிட்டேன்.

எந்தப் 12 சொற்கள் என்பதில்தான் பலரோடு எனக்கு வாக்குவாதம். பாடப்புத்தகப் பழக்கத்தில் எல்லோரும் கேட்பது “விலங்குகள் கட்டு”, “நிறங்கள் கட்டு”. புதுச் சொற்களை அப்படி ஒரே இனமாகச் சேர்த்துக் கொடுத்தால் கற்பது கடினமாகிறது என்பதை டிங்கம் என்ற ஆய்வாளர் 1993-இல் சோதித்துக் காட்டினார். வாரிங் 1997-இல் அதையே திரும்பச் செய்து பார்த்து அதே முடிவுக்கு வந்தார். மேசையில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆடு, மாடு இரண்டும் ஒரே நாளில் புதிதாக வந்தால் அர்த்தமும் பக்கம், ஓசையும் பக்கம். தெரியாமல் முழிப்பதைவிட மோசமான ஒன்று நடக்கிறது: ஆட்டைப் பார்த்து உறுதியாக ‘மாடு’ என்கிறார்கள், வாரக்கணக்கில் அது போவதில்லை. இப்போது என் கட்டில் மாடு, குடை, பாலம், பூட்டு, மேகம், ஏணி என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். மாடு வாயில் நன்றாக நின்ற பிறகுதான் ஆடு உள்ளே வரும்.

12-இல் எட்டு ஏற்கெனவே தெரிந்தவை, நான்கு மட்டும் புதியவை. புதியவை கூடினால் ஆட்டம் முழுக்க “இது என்ன?” ஆகிவிடும், கடன் வரிசை நீண்டு யாரும் எதையும் எடுக்க முடியாது. அப்படி வரிசையில் நான்கு ஜோடிக்கு மேல் நின்றால் கட்டு கனமாக இருக்கிறது என்று அர்த்தம், அடுத்த நாள் இரண்டு புதிய சொல்லை எடுத்துவிடுவேன். எந்தச் சொல் எப்போது வெளியே போய் எப்போது திரும்பி வருவது என்பதற்குச் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் எழுதிய பெட்டி முறையைத்தான் பின்பற்றுகிறேன். தெரிந்த அட்டை பின்பெட்டிக்குப் போய் அரிதாக வரும், தவறிய அட்டை முன்பெட்டிக்குத் திரும்பும். அது தனியாகப் படிப்பவருக்காக வந்த முறை. நான்கு பேருக்குப் பொதுவான கட்டில் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாது. யார் தடுமாறுகிறாரோ அவரை வைத்தே அட்டையை நகர்த்துகிறேன். முன்னே போய்விட்ட பிள்ளைக்கு அது கொஞ்சம் சலிப்புதான், அதை மறைக்க முடியவில்லை.

ஜோடி ஆட்டம் முடிந்ததும் ஐந்து நிமிடப் பேச்சுச் சுற்று. அதே அட்டைகளைப் பங்கிட்டுக் கையில் பிடித்துக்கொண்டு “உன்கிட்ட குடை இருக்கா?” என்று கேட்க வேண்டும். “இருக்கு, இந்தா” அல்லது “இல்லை” என்று பதில். இந்த வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. “இருக்கா?” என்று முடியும்போது பெயர்ச்சொல் கற்ற வடிவத்திலேயே நிற்கிறது. “எடு” என்று முடித்தால் வேற்றுமை உருபு வந்து மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும். சொல்லே நிலைக்காத நேரத்தில் இரண்டு வேலை கொடுத்தால் “மரமை எடு”, “வீடை எடு” என்று வரும்.

முதல் வாரம் முழு வாக்கியம் கேட்டது. அப்புறம் மெல்லத் தேய்ந்தது. “குடை இருக்கா?” ஆனது, கடைசியில் புருவத்தை உயர்த்தி “குடை?” அவ்வளவுதான். திருத்திக்கொண்டே இருந்தால் ஆட்டம் செத்துவிடும். ஒரு சொல்லே போதுமென்றால் யார் வாக்கியம் பேசுவார்கள்? அதனால் அட்டைகளை மாற்றினேன். குடை சிவப்பில் ஒரு ஜோடி, நீலத்தில் ஒரு ஜோடி, பூட்டும் அப்படியே. கேட்டவர் கையில் இருக்கும் நிறமே வேண்டும். இப்போது “குடை?” என்றால் “எந்தக் குடை?” என்று எதிர்க்கேள்வி வருகிறது, “சிவப்புக் குடை இருக்கா?” என்று தானாக நீள்கிறது. விரலால் சுட்டுவதைத் தடுக்க நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு வைத்தேன். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும், கைகள் தெரியாது. இந்தச் சுற்று ஓடத் தொடங்கிய பிறகுதான் “மரத்தை எடு” சுற்றைத் தனியாகச் சேர்த்தேன்.

நீண்ட நாள் பயன்பாட்டில் எதிர்பாராத எதிரி அட்டையின் பின்பக்கம். ஒரு மூலை மடங்கினாலோ ஒரு கறை பட்டாலோ பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், கவிழ்த்த அட்டைக்கு அப்புறம் அர்த்தமில்லை. லேமினேட் செய்ததில் விளிம்பு கூராகி, அட்டைகள் வழுக்கிச் சரிந்தன. இப்போது 63×88 மில்லிமீட்டர் அளவில் வெட்டி, பின்பக்கம் ஒளி புகாத உறையில் போடுகிறேன். உறை கெட்டால் உறையை மட்டும் மாற்றினால் போதும், படத்தைத் திருத்துவதும் எளிது.

வினைச்சொற்களுக்கு இந்தக் கட்டு கைகொடுக்கவில்லை. ஓடும் பையனின் படத்தைப் பார்த்தால் பாதிப் பேர் ‘பையன்’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘ஓடு’, ‘ஓடுறான்’, ‘ஓட்டம்’ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் சரியென்று ஏற்பது என்பதிலேயே ஆட்டம் நின்றுவிடுகிறது. அவற்றைப் பேச்சுச் சுற்றுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறேன். ஒருவர் அட்டையை எடுத்து நடித்துக் காட்டுவார், மற்றவர்கள் “என்ன பண்றான்?” என்பதற்குப் பதில் சொல்வார்கள். அதில் ஜோடியும் கிடையாது, கடன் வரிசையும் கிடையாது.