சிங்கப்பூரா, கொழும்பா? ஓர் அரிசி ஆலை ஒப்பந்தத்தின் சிவப்புக் கோடுகள்

சம்மாந்துறை அரிசி ஆலை ஒன்றின் இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம், 40 இலட்சம் ரூபாய். ஆலையின் சார்பில் நான் அதைத் திருத்தினேன். வெளிநாட்டு விற்பனையாளரின் வரைவில் சிங்கப்பூர்ச் சட்டம், அங்கேயே நடுத்தீர்ப்பு இருக்கை, மூன்று நடுவர்கள். இடம் நடுநிலையானதுதான், வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை நாடுகள் ஏற்று அமுலாக்க வகைசெய்யும் நியூயோர்க் சமவாயத்தின் கீழ் தீர்ப்பை இங்கும் அமுலாக்கலாம். ஆனால் 40 இலட்சத்துக்கு மூன்று நடுவர்களா? அந்தச் செலவைப் பார்த்தால், முறைப்பாடே செய்யமாட்டோம் என்று எழுதிக் கொடுப்பது போலத்தான்.

அதை வெட்டி, இலங்கைச் சட்டம், கொழும்பு இருக்கை, ஒரே நடுவர் என்று போட்டேன். இருக்கை என்பது எந்த நாட்டின் நடுத்தீர்ப்புச் சட்டமும் நீதிமன்றங்களும் மேற்பார்வை செய்யும் என்பதைக் குறிக்கும்; விசாரணை நடக்கும் இடம் வேறு. அதனால் "அமர்வுகள் அம்பாறையில் நடத்தலாம்" என்றும் சேர்த்தேன். கஷ்டம் ஒன்றுண்டு: அவர்களின் சொத்து சிங்கப்பூரில் இருந்தால், வென்ற தீர்ப்போடு அங்கேதான் போகவேண்டும்.

முடிவுறுத்தல் பிரிவுதான் மோசம். அவர்கள் காரணமின்றி 30 நாளில் விலகலாம். ஆலையோ "பாரதூரமான மீறல்" இருந்தால் மட்டும். அது என்ன மீறல் என்று எங்கும் இல்லை. "பழுதை 72 மணிநேரத்தில் திருத்தாவிட்டால்" என்று எழுதினேன். அறுவடை நேரத்தில் இயந்திரம் நின்றால் நெல் காத்திருக்காதே. முற்பணத்தில் பயன்படுத்தாத மாதங்களுக்குரியதைத் திருப்பவேண்டும் என்றும் போட்டேன்.

பேரத்தில் எதையாவது விட்டுக்கொடுப்பதானால் அவர்களின் 30 நாள் விலகலை ஏற்றுக்கொள்வேன், ஒரே நடுவரை விடமாட்டேன்.