மேலுதட்டுப் பூனைமுடி: எந்த வழி தோலை விட்டுவைக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் கல்யாணப் படம் திருத்துகிறவர்களிடம் பெண்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது இது: "அக்கா, அந்த மீசையை மட்டும் எடுத்திருங்க. முகம் என் முகமாவே இருக்கணும்." இரண்டாவது வாக்கியம்தான் வேலையைக் கடினமாக்குகிறது. முடியை மட்டும் எடுப்பது எளிது. தோலின் துளைகளும் மெல்லிய வரிகளும் போகாமல் எடுப்பதில்தான் ஒரு வழிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் தெரியும்.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்வோம். மணப்பெண் தோட்டத்து வீட்டின் கண்ணாடித் தட்டு ஜன்னல் ஓரம் நிற்கிறாள், வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிறது. 24 மெகாபிக்சல் படம், முகம் நெருக்கத்தில். மேலுதட்டில் முடி கருப்பாகத் தெரிகிறது, அதன் கீழே தோலும் கொஞ்சம் நிழலடித்த மாதிரி இருக்கிறது. கன்னத்திலோ கதை நேர்மாறு. பக்கவாட்டு வெளிச்சம் பட்டு, பூனைமுடி வெள்ளையாக மின்னுகிறது. போதாததற்கு, ஒப்பனைப் பவுடரும் முடி நுனிகளில் ஒட்டியிருக்கிறது. ஆக, ஒரே முகத்தில் மூன்று சிக்கல்: கரு முடி, வெள்ளை முடி, நிழல். ஒரே கருவியை முகம் முழுக்க ஓட்டினால் இவற்றில் இரண்டு கெட்டுப்போகும்.

முதலில் எல்லாரும் கைவைப்பது தோல் வழவழப்பாக்கும் ஃபில்டர். போனில் இருக்கும் அழகு ஃபில்டரும் சரி, போட்டோஷாப்பின் Surface Blur-ம் சரி, அடிப்படை ஒன்றுதான். சின்னச் சின்ன ஒளி வேறுபாடுகளைச் சமப்படுத்திவிட்டு, கண், உதடு போன்ற பெரிய விளிம்புகளை மட்டும் விட்டுவைக்கும். பூனைமுடியின் தடிமனும் தோல் துளையின் அளவும் ஏறக்குறைய ஒன்று என்பதால், எது முடி, எது துளை என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் சேர்த்தே அழித்துவிடும். நிழலோ பெரியது, அது அப்படியே நிற்கும். கடைசியில் முடி இல்லாத, துளையும் இல்லாத, மீசை நிழல் மட்டும் மிச்சமிருக்கும் ஒரு மேலுதடு கிடைக்கும். கூட்டத்தில் தூரத்தில் நிற்கும் முகங்களுக்கு இது போதும். நெருக்கப் படத்துக்கு இதைத் தொடவே மாட்டேன்.

ஃப்ரீக்வென்சி செப்பரேஷனுக்கு நல்ல பெயர் உண்டு. படத்தை இரண்டு லேயராகப் பிரிக்கிறோம். கீழே மங்கலாக்கிய நிறமும் நிழலும், மேலே நுண்ணிய தோல் அமைப்பு. 8 பிட் படத்தில், மேல் லேயருக்கு Apply Image போய், கீழ் லேயரைத் தேர்ந்து, Subtract, Scale 2, Offset 128 கொடுத்து, பிறகு அதை Linear Light ஆக மாற்ற வேண்டும். மங்கலாக்கும் அளவை எண்ணாக மனப்பாடம் செய்ய வேண்டாம். முடி கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்தில் நிறுத்தினால் சரி. இப்படி முகம் நெருங்கிய படத்துக்கு 6 முதல் 10 பிக்சலில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.

இதன் பலம் நிழலில்தான். கீழ் லேயரில் மேலுதட்டை லாசோவால் வளைத்து, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, லேசாக மங்கலாக்கினால் கருமை சுற்றுத் தோலோடு கலந்துவிடும், மேல் லேயரில் இருக்கும் துளைகளுக்கு ஒன்றும் ஆகாது. பலவீனம் முடியில். முடியும் துளையும் சேர்ந்து மேல் லேயரிலேயே உட்கார்ந்திருப்பதால், அதை எப்படியும் கையால்தான் எடுக்க வேண்டும். அதற்குச் சுத்தமான தோல் எங்கே இருக்கிறது? மேலுதட்டில் முடியில்லாத இடம் குறைவு என்று பலர் கன்னத்திலிருந்து எடுத்து ஒட்டுவார்கள். கன்னத்துத் துளை பெரியது, மேலுதட்டுத் தோலோ நுண்ணியது. ஒட்டுப்போட்டது பெரிதாக்கிப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஹீலிங் பிரஷ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தனித்து நிற்கும் நீளமான ஒன்றிரண்டு முடிக்கு அருமை. உதட்டு விளிம்புக்குப் பக்கத்தில் போனால் உதட்டின் சிவப்பை இழுத்து வந்து தோலில் பூசிவிடும்.

எனக்குப் பிடித்தது, பலர் சலிப்பாக நினைக்கும் குளோன் ஸ்டாம்ப்தான், ஆனால் Lighten முறையில். படத்தின் நகல் லேயர், Sample என்பதில் Current & Below, ஒபாசிட்டி 25-30 சதவீதம். Lighten முறையில், மூலத்தைவிட இருண்ட பிக்சல் மட்டுமே மாறும், வெளிச்சமானது அப்படியே இருக்கும். முடிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் தோலில் Alt அழுத்தி மாதிரி எடுத்து, முடியின் போக்கிலேயே இழுத்தால், முடி ஒரு படி வெளுக்கும். இன்னொரு முறை இழுத்தால் இன்னொரு படி. முழுக்க அழிக்காமல் பாதியில் நிறுத்த முடிவதுதான் இதன் அழகு. கேட்டது மென்மையாக்கத்தானே, வழித்தெடுக்க இல்லையே. கன்னத்துக்கு வந்ததும் முறையை Darken என்று மாற்றிக்கொண்டு அதே வேலை. அங்கே மின்னும் வெள்ளை முடி மட்டும் அடங்கும். பணம் கட்டாமல் கிம்ப் வைத்திருப்பவர்களுக்கும் குளோன் கருவியில் Lighten only, Darken only என்று இதே வசதி இருக்கிறது.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. தோல் துளையும் இருண்ட புள்ளிதானே, அதையும் Lighten வெளுக்கத்தான் செய்யும். அதனால் பிரஷ் முடியைவிடக் கொஞ்சமே தடிமனாக இருக்க வேண்டும். பெரிய பிரஷ்ஷால் தேய்த்தால் மெழுகு பூசிய மாதிரி ஆகிவிடும். மூக்கு நுனி போல மின்னும் இடத்திலிருந்து மாதிரி எடுத்தாலும் அதே கதி, ஏனென்றால் மூலம் மிக வெளிச்சமாக இருந்தால் எல்லாமே இருண்டதாகிவிடுகிறது.

குளோன் நிழலைப் போக்காது. அதற்கு ஒரு Curves லேயர் போட்டு, மாஸ்கைக் கருப்பாக்கி, மிகக் குறைந்த ஃப்ளோவில் மேலுதட்டில் மட்டும் வெள்ளை தடவுகிறேன். நம் பழுப்புத் தோலில் இங்கேதான் ஆபத்து. மீசை நிழலில் சாம்பலோ பச்சையோ கலந்திருக்கும். வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் திருநீறு பூசிய மாதிரி வெளிறும். ரெட் சேனலைக் கொஞ்சம் ஏற்றி, புளூவைக் கொஞ்சம் இறக்கினால் தோல் நிறம் திரும்பும். மூக்குக்குக் கீழே நடுவில் இருக்கும் பள்ளத்தின் நிழலைத் தொடக் கூடாது. அது போனால் மேலுதடு தட்டையாகி, முகமே வேறு ஆளாகிவிடும்.

எந்த வழியில் செய்தாலும், 200 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். 6000 பிக்சல் நீளப் படத்தை 12 அங்குலத்தில், 300 டிபிஐயில் அச்சடித்தால் 3600 பிக்சல்தான் வேண்டும். அதாவது படம் 60 சதவீதமாகச் சுருங்குகிறது. திரையிலும் 50-60 சதவீதத்தில் பாருங்கள். அங்கே தெரியாத முடியை எடுக்க உட்கார்ந்தால் நேரமும் போகும், தோலும் போகும்.

ஆல்பத்தின் பெரும்பாலான பக்கங்களுக்குக் குளோனும் Curves-ம் சேர்ந்த வழியே போதும். மண்டப வாசலில் வைக்கும் ஆளுயரப் படத்தில் நிழல் அழுத்தமாக இருந்தால் மட்டும் ஃப்ரீக்வென்சி செப்பரேஷனைத் திறக்கிறேன், அதுவும் கீழ் லேயருக்காக. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் என்றால் இந்த ஒப்பீடே செல்லாது. போனும் செயலியும் சேர்ந்து தோலின் நுண்ணியதை முன்பே தின்றிருக்கும், பிரிக்கவோ காப்பாற்றவோ அங்கே ஒன்றும் இருக்காது. "தங்கச்சி, அதையே டாக்குமென்ட்டா அனுப்பும்மா" என்று கேட்டு வாங்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.