அடிக்கிற ஆய்வாளரா, எழுதுகிற ஆய்வாளரா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கொலை. செய்தவன் யார் என்பது ஆய்வாளருக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். கத்திதான் கிடைக்கவில்லை. போலீஸ் கதை எழுதுகிறவருக்கு இந்த இடத்தில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, அடி. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது விதி. ஆய்வாளரோ கைதைப் பதிவு செய்யாமல் ராயபுரத்தில் ஒரு பூட்டிய அறையில் அவனை இரண்டு நாள் அடைத்துவைத்து உண்மையைக் கறக்கிறார். எனக்கு இது அலுத்துவிட்டது. லத்தி ஓங்கியதுமே வாசகர் கைதட்டுவார் அல்லது முகம் சுளிப்பார், தடுமாற மாட்டார்.

இரண்டாவது வழியில் ஆய்வாளர் யார் மீதும் கைவைப்பதில்லை. பழுதுபார்க்க ஏற்றிவைத்திருக்கும் விசைப்படகில், கிழிந்த வலைக்கு அடியில் கத்தி இருப்பதாக டீ விற்கும் பையன் ஒருவன் ரகசியமாகச் சொல்கிறான். அன்றிரவே ஆய்வாளர் போய்ப் பார்த்துவிட்டு, தொடாமல் திரும்புகிறார். மறுநாள் முறைப்படி கைது. ‘என்னை அழைத்துச் சென்றால் கத்தியை எடுத்துக் காட்டுகிறேன்’ என்று வாக்குமூலம், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் மகஜர். கத்தி உண்மை, அதில் உள்ள ரத்தம் உண்மை, அவனே சொன்னதும் உண்மை. எது முதலில் நடந்தது என்பதில் மட்டும்தான் பொய்.

இந்தப் பொய் எதற்கு? போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. காவலில் இருப்பவன் சொன்னதால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதற்கு வழிகாட்டிய பகுதி மட்டும் செல்லும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இது 27ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 23ஆவது பிரிவு. ஆனால் போலீஸுக்கு முன்பே தெரிந்த இடம் என்றால் அது கண்டெடுப்பே அல்ல.

பையன் சொன்னதாகவே எழுதியிருக்கலாமே? எழுதினால் அவன் கூண்டேறிச் சாட்சி சொல்லிவிட்டு, மறுநாள் அதே துறைமுகத்தில் டீ விற்க வேண்டும். அதுவும் போக, யாரும் ஏறி இறங்கும் படகில் கிடந்த கத்தி யாருடையது? அதிலிருப்பது மீன் ரத்தமல்ல, மனித ரத்தம் என்று ஆய்வகம் சொல்லிவிடும். பிடித்த கை எது என்று ரத்தம் சொல்லாது. ஆகவே ஆய்வாளர் பையனைக் காப்பாற்றுகிறாரா, தன் வழக்கைக் காப்பாற்றுகிறாரா என்று அவருக்கே தெளிவில்லை. நான் எழுதினால் இதைத்தான் எழுதுவேன்.

கதையை 2024 ஜூலைக்குப் பிறகு வைத்தால் இன்னொரு வசதியும் இருக்கிறது. இப்போது பொருளைக் கைப்பற்றுவதை வீடியோ எடுக்க வேண்டும். அதில் குற்றவாளி முன்னே நடந்து வழிகாட்ட, போலீஸ் பின்னால் போக வேண்டும். முந்தின இரவு டார்ச் பிடித்த கான்ஸ்டபிளுக்கோ படகு நிற்கும் இடம் காலுக்கே பழகிவிட்டது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வீடியோவை நிறுத்தி, “முன்னால் போவது யார்?” என்று கேட்கிறார்.