வைட்டமின் டி 8-க்கு இறங்கிவிட்டால்: வெயிலா, மாத்திரையா, ஊசியா?

நாளெல்லாம் அறைக்குள்ளேயே இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடுப்பிலும் தொடையிலும் உள்ளூர ஒரு வலி. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியவில்லை, படியேறக் கைப்பிடி வேண்டியிருக்கிறது. கெண்டைக்கால் முன்னெலும்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் துடிக்கிறார். ரத்தத்தில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு. கூடவே ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதியும் ஏறியிருந்தால், எலும்பில் தாது படிவது குறைந்து அது மென்மையாகத் தொடங்கியிருக்கலாம்.

இவருக்கு வெயில் மட்டும் போதுமா? போதாது என்பதே எங்கள் கருத்து. தோலில் வைட்டமின் டி உருவாக புற ஊதா பி கதிர் வேண்டும். கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்பதால் ஜன்னலோரம் உட்கார்ந்து பயனில்லை. நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரத்தில்தான் அந்தக் கதிர் போதிய அளவு கிடைக்கும். கருத்த தோலுக்கு இன்னும் அதிக நேரம் பிடிக்கும். குறைபாடு மறுபடி வராமல் காக்க வெயில் நல்லது. 8-லிருந்து மேலே ஏற்ற அது மெதுவான வழி.

தினமும் 2,000 யூனிட் மாத்திரை பாதுகாப்பானது, ஆனால் பொறுமை வேண்டும். தினமும் 100 யூனிட் எடுத்தால் சில மாதங்களில் அளவு ஏறத்தாழ 1 நானோகிராம் ஏறும் என்பது தோராயக் கணக்கு. அதன்படி இவர் 25-ஐத் தாண்ட இரண்டு மூன்று மாதமாகும்.

வலியும் பலவீனமும் இவ்வளவு இருப்பவருக்கு, மருத்துவர் மேற்பார்வையில் வாரம் ஒரு தடவை 50,000 யூனிட், 8 வாரம் என்பதையே நாங்கள் முன்வைப்போம். கொழுப்பில் கரையும் சத்து என்பதால் வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பாட்டோடு போடலாம். 8 வாரம் முடிந்ததும் தினசரி அளவுக்கு மாறி, மூன்றாம் மாதம் ரத்தத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். உணவில் கால்சியம் குறைவென்றால் எலும்பு தேறாது, அதையும் கவனியுங்கள்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, வார மாத்திரையைத் தினமும் போடுவது. வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் எல்லாம் சேர்ந்து வந்தால் கால்சியம் ஏறியிருக்கலாம். உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரகக் கல்லோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் கேட்காமல் தொடங்கவே கூடாது.

லட்சக்கணக்கில் ஒரே தடவை போடும் ஊசி, குடல் சத்தை உறிஞ்சாதவர்களுக்கானது. மற்றவர்களுக்கு அவ்வளவு பெரிய அளவு நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் மூத்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரே தடவை வாய்வழியாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வெளியானது. அதில் விழுவதும் எலும்பு முறிவும் கூடத்தான் செய்தன.

தசை பலம் பெரும்பாலும் சில வாரங்களில் திரும்பத் தொடங்கும், எலும்பு வலி தீர மாதங்கள் ஆகலாம். அளவு 30-ஐத் தாண்டியும் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லையென்றால் மாத்திரையைக் கூட்டாதீர்கள். தைராய்டு, தசை நோய், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஆகியவற்றில் காரணம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.